சாய்ந்தால் அணைய வேண்டும்

என் சித்தப்பாவை விழ வைக்க நான் நாலு வருஷம் காத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவள் வேஷம் போட எனக்கு வராது.

மலையூரில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர் அவர். குளிர்காலம் வந்தால் கடை முழுக்க ரூம் ஹீட்டர்தான். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக ஆறு வருஷம் நான் அவர் கடை கவுண்டரில் நின்றேன்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஹீட்டரின் அடியில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஹீட்டர் நேராக நின்றால் தரை அதை அமுக்கிப் பிடித்திருக்கும், கரண்ட் ஓடும். சாய்ந்தாலோ விழுந்தாலோ பொத்தான் வெளியே வந்துவிடும், கரண்ட் நிற்கும். உயிரைக் காப்பதே அதுதான். ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் பழைய பலகைத் தரை. பள்ளமும் மேடும். அந்தப் பள்ளத்தில் வைத்தால் பொத்தான் சரியாக அமுங்காமல் ஹீட்டர் அணைந்து அணைந்து எரியும். "மட்டமான சரக்கு" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். சித்தப்பா பொத்தானை உள்ளே தள்ளி, மேலே டேப் ஒட்டி, "சரி பண்ணியாச்சு, இனி அணையவே அணையாது" என்று கொடுத்தனுப்புவார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அணையவே அணையாது.

அப்படி ஒன்றை ஒரு டீச்சருக்கு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். டேப் இருப்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை, சோறு போடுகிறவர் அவர். பத்தாம் நாள் அது சரிந்து கட்டில் விரிப்பின் மேல் விழுந்து எரிந்துகொண்டே இருந்தது. விரிப்பை இழுத்துப் போட்ட டீச்சரின் வலது கை வெந்துபோனது. விசாரணைக்கு வந்தவர்களிடம் சித்தப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "அண்ணன் பொண்ணு, கவுண்டர்ல இருக்கறவ, விவரம் தெரியாம ஒட்டிட்டா." மறுநாளே என்னை வெளியே அனுப்பினார். அம்மா மட்டும் மாடியிலேயே இருந்தாள். நான் வாயைத் திறந்தால் அவளும் தெருவுக்கு வருவாள் என்பதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு பெண்கள் விடுதி ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்து, போன வருஷம் வார்டன் ஆனேன். விதியின் குசும்பைப் பாருங்கள், கை வெந்த டீச்சரும் அங்கேதான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். விடுதிக் குழுவில், தங்குகிறவர்கள் சார்பில் உறுப்பினர் அவர்தான். நாலு வருஷமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சீட்டில் எழுதி மேசையில் வைப்பார், இடது கையெழுத்தில்.

இந்த வருஷம் குளிர் கொஞ்சம் ஓவர். இருபத்து நாலு அறைக்கும் ஏதாவது வாங்கலாம் என்று குழு முடிவு செய்தது. செயலாளர் சார், "உங்க சித்தப்பா கடையிலேயே வாங்கிடலாமே, விலை கம்மியா சொல்றார்" என்றார். இருபத்து நாலு அறை, இருபத்து நாலு பெண்கள், எல்லாம் பலகைத் தரை. அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா?

"வாங்கலாம் சார். ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லலாம்" என்றேன்.

அன்றே அவருக்கு போன் போட்டேன். நாலு வருஷத்தில் முதல் முறை.

"சித்தப்பா, இங்க தரை ரொம்ப மோசம். போன வாரம் வேற கடைக்காரர் கொண்டுவந்தது நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சுது, செயலாளர் வேணாம்னுட்டார். அணையாம ஓடுற ஹீட்டருக்குத்தான் ஆர்டர்."

"அதெல்லாம் நம்ம சரக்கு ஜம்முனு ஓடும். பழசையெல்லாம் மறந்துட்டியே, நல்ல பொண்ணு."

ஆமாம், ரொம்ப நல்ல பொண்ணு. எலிக்குப் பிடித்த வாசனை எது என்று எனக்குத் தெரியும், அதைத்தான் வைத்தேன்.

மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பியதும் ஆட்டோ பிடித்துப் போய் அம்மாவைப் பெட்டி படுக்கையோடு என் அறைக்குக் கூட்டிவந்துவிட்டேன். "என்னடி திடீர்னு?" என்றாள். "மாடிப்படி ஏற உனக்கு முட்டி வலிக்குதில்ல" என்றேன்.

பதினொரு மணிக்கு சித்தப்பா வந்தார். பின்னால் அவர் மருமகள் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது கவுண்டரில் நிற்பவள் அவள்தான். என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றாள் மெதுவாக. செயலாளர் நாற்காலியில் உட்கார, டீச்சர் சுவரோரம் நின்றார். வரவேற்பறையில் தரை குழிந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். முன்னால் ஒரு தகரத் தகடு விரித்து, மூலையில் மணல் வாளி வைத்து, திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன்.

"தகடு எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"பலகை கருகிடுமேன்னுதான்."

ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு கம்பியுள்ள ஹீட்டர் ஒன்றை எடுத்துக் குழியில் வைத்து ஸ்விட்ச் போட்டார். சிவப்பாக எரிந்தது. பத்து நிமிஷம் ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. செயலாளர் கையை நீட்டிக் காய்ந்துகொண்டே, "பிரமாதம்" என்றார்.

"எத்தனை வாட்ஸ் சித்தப்பா?"

"எண்ணூறுதான். உங்க ரூம்ல இருக்கற ஆறு ஆம்ப் பிளக்கே போதும்."

"ஒரு ரூமுக்குப் போதும். இருபத்து நாலு ரூம்லயும் ராத்திரி ஒரே நேரத்துல போட்டா பத்தொன்பது கிலோவாட்டுக்கு மேல வருது. நம்ம கட்டடத்துக்கு அனுமதியே பதினஞ்சுதான். மெயின் விழும் சார்."

செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா சிரித்தார். "எல்லாரும் ஒண்ணாவா போடுவாங்க?"

"இந்தக் குளிர்ல போடாம?" என்றேன். "சரி, அது போகட்டும். இன்னொண்ணு பாக்கணும்."

ஒரு கையைச் சுவர் ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டு, காலால் ஹீட்டரை ஒரு தள்ளு தள்ளினேன். அது தகட்டின் மேல் முகம் குப்புற விழுந்தது.

அணையவில்லை. தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சிவப்பு தெரிந்தது. தகரம் சூடாகி டிக் டிக்கென்று சத்தம் போட்டது. நான் ஐந்து வரை எண்ணினேன். டீச்சர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், துணியால் பிடித்து ஹீட்டரைத் திருப்பினேன். அடியில் பொத்தான் இருந்த இடத்தில் கறுப்பு டேப், குறுக்கும் நெடுக்குமாக.

"கம்பெனியிலேயே அப்படித்தான் வருது" என்றார் சித்தப்பா. யோசிக்கக்கூட இல்லை.

"அந்த இன்னொரு பெட்டி சீல் உடைக்காதது. அதைத் திறங்க."

மருமகள்தான் திறந்தாள். அதே ஹீட்டர், அடியில் டேப் இல்லை. சமமான பலகையில் வைத்துப் போட்டேன், எரிந்தது. ஒரு விரலால் சாய்த்தேன், உடனே அணைந்தது.

"அப்போ கடையிலதான் ஒட்டியிருக்கு" என்றார் செயலாளர்.

சித்தப்பா கைக்குட்டையை எடுத்தார். நான் அந்தக் கைக்குட்டைக்காகத்தான் காத்திருந்தேன். "வயசாயிடுச்சு சார், எல்லாத்தையும் நான் பாக்க முடியுமா? கவுண்டர்ல இருக்கறவ, விவரம் தெரியாம..." என்று மருமகள் பக்கம் கையைக் காட்டினார்.

அதே வாக்கியம். சொல்கூட மாறவில்லை.

என் சந்தோஷம் அங்கேதான் இடறியது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருஷத்துக்கு முன் நான் குனிந்த அதே அளவு. அவருக்குக் குழி வெட்டியபோது அதில் இவளைத் தள்ளுவார் என்று நான் ஏன் நினைக்கவில்லை? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏம்மா," என்றேன் அவளிடம், "நான் நாலு வருஷம் முன்னாடி வாயை மூடிட்டு இருந்தேன். டேப் இருக்கறது தெரிஞ்சே இந்த டீச்சர் கையில ஹீட்டரைக் கொடுத்தேன். ஒட்டினது நான் இல்ல, ஆனா சொல்லாம விட்டது நான்தான். நீ அந்தத் தப்பைப் பண்ணாத."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மருமகள் தலையை நிமிர்த்தினாள். "நேத்து அண்ணி போன் பண்ணினதும் நீங்கதானே மாமா உக்காந்து ஒட்டினீங்க. இது ஒண்ணு மட்டும் இல்லையே. இந்த மாசம் வித்ததுலயே பதினேழு வீட்டுக்கு ஒட்டித்தான் கொடுத்திருக்கீங்க."

சித்தப்பாவின் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "உங்கம்மா எங்க இருக்கான்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கே. இங்கதான், என் ரூம்ல. மெத்தை மேல விரிக்கற எலக்ட்ரிக் போர்வையில படுத்திருக்கா. நூறு வாட்ஸ். சூடு மீறினா தானா நிக்கும், நேரம் முடிஞ்சாலும் நிக்கும். மடிக்காம, ஈரம் படாம வச்சிருந்தா போதும். இருபத்து நாலு ரூமுக்கும் சேர்த்து ரெண்டரை கிலோவாட்டுக்குள்ள முடிஞ்சுடும். சார், நான் அதைத்தான் வாங்கச் சொல்றேன். உங்க கடையில இல்ல சித்தப்பா."

"அதையே வாங்கிடுங்க வார்டன்மா" என்றார் செயலாளர், எழுந்து நின்று.

சித்தப்பா ஹீட்டரைத் தூக்கினார். "வா" என்றார் மருமகளிடம். அவள் நகரவில்லை. மற்ற பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரே படி இறங்கினார். கம்பியின் சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைசிப் படி வரை நின்று பார்த்தேன். பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருந்தது.

உள்ளே வந்ததும் மருமகளிடம் கேட்டேன். "அந்தப் பதினேழு வீட்டு நம்பர் இருக்கா?"

"வாரண்டி அட்டையைப் பதியறது நான்தான் அண்ணி. போன்லயே இருக்கு."

முதல் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. யாரோ ஒரு அம்மா "யாரு?" என்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு கணம் திணறினேன். கடை பெயரைச் சொல்வதா, என் பெயரைச் சொல்வதா?

டீச்சர் பக்கத்தில் வந்து, தோல் சுருங்கிய அந்த வலது கையை நீட்டினார்.

"போனை இப்படிக் கொடு. உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத, அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பிறகு போனில் சொன்னார்: "அம்மா, உங்க ஹீட்டரை முதல்ல அணைச்சு பிளக்கைப் பிடுங்குங்க. ஆறினதும் தலைகீழா திருப்பிப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன். எனக்கு இதை யாரும் சொல்லல."