கை வீசும் பாடம்

கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் நீச்சல் குளம் வந்ததே குப்பண்ணனால்தான். அவருடைய ஒரே மகள் மயிலாத்தாள் ஆடி மாதத்தில் பெரிய வாய்க்காலில் குதித்துக் குளித்தவள் திரும்பி வரவில்லை. மதகில் சேலை சிக்கினதுபோல் சிக்கிக் கிடந்தவளைத் தூக்கிவந்தபோது, "என்ற புள்ளைக்கு நீச்சல் தெரியுமுங்க, எப்படிங்க போனா?" என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். இனி எந்தப் பிள்ளையும் போகக்கூடாது என்று பள்ளி வளாகத்திலேயே குளம் கட்டிக்கொடுத்தார்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் பிலோமி. பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, விளையாட்டு ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அவள் வகுப்பு நடக்கும்போதெல்லாம் குப்பண்ணன் வந்து கரையில் உட்கார்ந்துகொள்வார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை அமிழ்த்தி மூச்சை ஊதிக் குமிழி விட்டார்கள். நாள் கணக்கில் அதுதான். பிறகு குப்புற மிதந்தார்கள். மிதந்தவர்கள் முழங்காலை வயிற்றோடு மடக்கி, கையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, தலையைத் தூக்கிக் காலூன்றி எழுந்தார்கள். மறுபடி மிதந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். அப்புறம் சுவரை உதைத்து, கையை நீட்டி, அம்புபோல் வழுக்கிப் போனார்கள். இப்போதுதான் மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு தொடையிலிருந்து காலடிக்கப் பழகுகிறார்கள்.

அன்றைக்கு அவர் எழுந்தே விட்டார்.

"ஏனுங்க டீச்சர், அடுத்த மாசம் புள்ளையோட வருசத் திதி. ஊர்க்காரங்க அத்தனை பேரும் பாக்க வாராங்க. கையெடுத்து வீசறதை எப்பத்தானுங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"கை கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஐயா. அதுக்கப்புறம் தலையைப் பக்கவாட்டுல திருப்பி மூச்சு எடுக்கணும். எல்லாத்தையும் சேக்குறது அதுக்கும் பிறகு."

"கிணத்துல ரெண்டு நாள்ல கையும் காலும் அடிக்க வெச்சரலாமுங்க."

பிலோமி கோபப்படவில்லை. குளத்திலிருந்த காளியாத்தாளைக் கூப்பிட்டாள். மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டிக் கிணற்றில் பழகிய பிள்ளை அவள். புதிதாக வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரிஞ்ச மாதிரி நீந்து பாப்பா. நான் பக்கத்துலயே வாரேன்."

காளியாத்தாள் பாய்ந்தாள். நான்கு வீச்சு அழகாகத்தான் போனாள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே விறைத்து நின்றது. தலை உயர உயர இடுப்பு இறங்கியது, கால் இறங்கியது. கையை வேகமாக அடித்தாள். அடிக்க அடிக்க நின்ற இடத்திலேயே செங்குத்தானாள். உள்ளே இழுத்த மூச்சை வெளியே விடத் தெரியாமல் கண் பிதுங்கியது. பிலோமி கையைப் பிடித்ததும் தரையில் கால் பட்டு நின்று இருமினாள்.

"இடுப்பளவு தண்ணி, அதான் நின்னுட்டா," என்றாள் பிலோமி. "அவளைத் தண்ணி தாங்கல ஐயா, புருடைதான் தாங்குச்சு. யாரோ பாசமாத்தான் கட்டிவிட்டிருப்பாங்க. ஆனா பிள்ளைக்கு நீந்தத் தெரியும்னு ஒரு நம்பிக்கை வந்துடுது பாருங்க, அதுதான் ஆழத்துல கொண்டுபோய் விடும். மூச்சு விடவும் மிதக்கவும் எழுந்து நிக்கவும் தெரியாத பிள்ளைக்கு நான் கையைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

மயிலாத்தாளின் முதுகில் புருடை கட்டியது யாரென்று டீச்சருக்குத் தெரியாது. பிள்ளை தலையை நிமிர்த்தி, "அப்பா, நான் நீந்தறேன் பாருங்க" என்று கிணற்றிலிருந்து கூவியபோது, படியில் நின்று கைதட்டியவர் அவர். புருடையை அவிழ்த்த அன்று இரண்டு ஆள் கைவிரித்த தூரம் போய்ப் படியைப் பிடித்தாள். அது போதும், பிள்ளைக்கு நீச்சல் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

காளியாத்தாள் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். அவர் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நடந்துபோனார். வெயிலுக்கு ஒதுங்கத்தான் போகிறார் என்று பிலோமி நினைத்தாள்.

திதியன்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகள் மிதந்தார்கள், எழுந்தார்கள், பலகையோடு காலடித்துப் போனார்கள். "இவ்வளவுதானா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை சங்கடப்பட்டு பிலோமியைப் பார்த்தார்.

"டீச்சர் செய்யறதுதான் சரிங்க," என்றார் குப்பண்ணன். "எத்தனை நாளானாலும் ஆகட்டும். அவங்க சொல்ற வரிசையிலேயே நடக்கட்டும்."

அவர் மனைவி கமலாத்தாள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவளிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் புள்ளைகளுக்கு இத்தனை நாளாகுதுங்க. என்ற மயிலுக்கு எங்கூட்டுக்காரரு எத்தனை வெரசாச் சொல்லிக் குடுத்தாரு தெரியுமுங்களா!"

அது அவர் காதில் விழுந்தது. திரும்பினார். கமலாத்தாள் முகத்தில், ஒரு வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக, ஒரு சின்னப் பெருமை இருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு, குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.