ஒரு இட்லி அளவு

கே.கே. நகர் கிளினிக்கில் சுஃபியாதான் உணவு ஆலோசகர். அவளைப் பார்க்க சமயநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள் கனகலட்சுமி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன். எடை குறையணும், ரத்தம் ஏறணும் என்று சர்ஜன் கொடுத்த இரண்டு மாதத் தவணை அன்றோடு முடிந்தது.

சுஃபியா ரிப்போர்ட்டைப் புரட்டினாள். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஆனால் ஒன்பதாக இருந்த ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டது. இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு யாரும் கத்தி வைக்கமாட்டார்கள்.

"இரும்புச்சத்து மாத்திரை போடலையாக்கா?"

"ஒரு நாளும் விடல டாக்டரம்மா. நீங்க குடிக்கச் சொன்ன கிரீன் டீயிலயே போட்டு முழுங்கிருவேன். ரெண்டு வேலையும் ஒன்னா முடிஞ்சிரும்ல."

சுஃபியா ரிப்போர்ட்டை மூடினாள். டீயும் காபியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கனகலட்சுமி முதல்தடவை வந்த அன்றைக்கே மாத்திரைச் சீட்டு ஃபைலில் இருந்தது. சுஃபியா அதைப் படித்தும் இருந்தாள். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதுகூடப் பரவாயில்லை, மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதை அவள் தெரிந்தே செய்தாள். சோற்றைக் குறை, நட என்று சொன்னால், வருகிறவர்கள் இதைக் கேட்கவா இம்புட்டு தூரம் வந்தோம் என்று முகம் சுளிக்கிறார்கள். அதனால் பச்சை எழுத்தில் ஒரு அட்டை அடித்து வைத்திருந்தாள்: பசித்தால் கிரீன் டீ, காலையில் கடுங்காபி, சாப்பாட்டோடு மிளகாய், கொழுப்பு கரையும். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவளுக்கும் கைராசிக்காரி என்று பேர் வந்தது.

"மிளகாயக் கடிச்சா வயிறு எரியும். கரையுதுன்னு பொறுத்துக்கிருவேன்," என்றாள் கனகலட்சுமி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத்தான் பத்தல போல. இன்னும் ரெண்டு டம்ளர் கூட்டிக்கிறவாம்மா?"

அதற்கு மேல் சுஃபியாவால் தாங்க முடியவில்லை.

"வேணாங்க்கா. தப்பு என்னோடது." சர்ஜனிடமும் தானே வந்து சொல்வதாகச் சொன்னாள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது என்றாள். மிளகாய், டீ, காபி எல்லாம் உடம்பைக் கொஞ்சம் முடுக்கும், அதுவும் சில மணி நேரந்தான். பழகிவிட்டால் அதுவும் குறையும். பசியும் அடங்கின மாதிரி இருக்கும், மறுபடி எடுக்கும் என்றாள்.

"எம்புட்டு கரைக்கும்?"

"மூணும் சேர்ந்து நல்லா வேலை செஞ்சாக்கூட, ஒரு நாளைக்கு ஒன்னு ரெண்டு இட்லி தின்னா வர்ற சக்தி அளவு. அம்புட்டுத்தான்."

"அப்ப ரெண்டு கிலோ?"

"நீங்க சாப்பிடாம இருந்தீங்கள்ல, அதுல போனது."

கனகலட்சுமி கோபப்படுவாள் என்று சுஃபியா காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவளோ கையிலிருந்த பச்சை எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருநூறு புள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு, ஒரு ஓரமா நின்னு இந்தத் தண்ணியக் குடிப்பேன். கை நடுங்கும்," என்றாள். "அப்ப நான் ஒரு வாய் தின்னிருக்கலாமாம்மா?"