முதல் வரி

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் 'இரண்டு தடவை'. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் என்டர் தட்டமாட்டேன். அன்று காலை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஒரு விசையைத் தட்டினேன். அதனால்தான் இதை வரிசை மாறாமல் எழுதிவைக்கிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தானுக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, அதற்கு முன்னால் அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிவு செய்துவிடச் சொல்லியிருந்தார். பிறகு ஒரு கருவியில் பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் பேசுமாம். அத்தானின் குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது. காலையில் மருந்து சாப்பிட்டபின் சற்று நேரம் தெளியும், பிறகு காற்றாகிவிடும். இனி இன்னொரு காலை இல்லை.

நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள் என்பதால் அக்கா என்னை அழைத்திருந்தாள். படுக்கையறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேசையில் ஒலிவாங்கியை வைத்தோம். பதிவு செய்யும் புரோகிராமை ஓடவிட்டு, அதன்மேல் வாக்கியங்கள் இருந்த இணையப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்தேன். அத்தான் படிக்கப் படிக்க அக்கா மவுஸால் பக்கத்தை நகர்த்தினாள். ஒரே மூச்சில் பதிவு செய்துவிட்டு, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. நடுவில் சேமிக்கலாம் என்று தோன்றவில்லை. அவர் பேச்சை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

'எனக்கு டீ வேண்டும்' என்ற வரி வந்ததும் அத்தான் அக்காவைப் பார்த்தார்.

"இதைக் கொஞ்சம் கெஞ்சலாவே சொல்லிடறேன். அதட்டிச் சொன்னா அப்புறம் ஆயுசுக்கும் டீ வராது."

"ஒழுங்காப் படிங்க," என்றாள் அக்கா. ஆனால் சிரித்தாள்.

மகளைக் கூப்பிடும் வாக்கியங்கள் கடைசியில் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த குட்டியை அவர் வாசலில் நின்று கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தபோது பக்கம் அசைய மறுத்தது. அக்கா விடாமல் அழுத்தினாள். திரை வெளுத்து, மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. அவள் மவுஸைத் தூக்கி மேசையில் தட்டினாள், இழுத்தாள். அம்புக்குறியும் நின்றுவிட்டது.

"எல்லாம் போச்சா?" அக்காவின் கை கம்ப்யூட்டரின் பொத்தான் பக்கம் போனது. அணைத்துப் போடுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். விசைப்பலகையில் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது என்றேன். நின்றுபோன பக்கத்தை மூட ஆல்ட்டோடு எஃப் நான்கு போட்டேன். வெளுத்த திரை அசையவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை வரிவரியாகக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் சிறிய பெட்டி திறந்தது. அதுவரை எல்லாம் சரி. எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உறைந்த புரோகிராமை மூடும் இந்தப் பாடத்தை வகுப்பில் பலமுறை செய்திருக்கிறோம். அங்கே எப்போதும் ஒரே ஒரு புரோகிராமைத் திறந்துவைத்துப் பழகுவோம். அதனால் பெட்டியில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும். கீழ் அம்பு, டெலிட். 'முதல் வரி, டெலிட்' என்று நாங்கள் பாட்டாகவே சொல்வோம். என் விரல்கள் அந்தப் பாட்டைத்தான் படித்திருந்தன. பின்னால் அக்கா ஏதோ சொல்ல, அத்தான் ஏதோ பதில் சொல்ல, நான் கீழ் அம்பை அழுத்தினேன். முதல் வரி நீலமானது. டெலிட்.

பெட்டியில் இருந்து ஒரு வரி மறைந்தது. வெளுத்த திரை அப்படியே இருந்தது. மிச்சமிருந்த வரியின் பக்கத்தில்தான் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

நான் மூடியது பதிவு செய்யும் புரோகிராமை. அது உறையவே இல்லை. அகர வரிசையில் அதன் பெயர் முதலில் வந்தது, அவ்வளவுதான்.

நான் சொல்லாமலே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "திரும்பப் படிக்க முடியுமா?" என்று அத்தானிடம் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

நின்றுபோன பக்கத்தையும் டெலிட் செய்தேன், இந்த முறை வரியை விரலால் தொட்டுப் படித்துவிட்டு. விண்டோஸ் விசையைத் தட்டி, புரோகிராமின் பெயரை எழுதி, என்டர் தட்டினேன். திறந்ததும் அது ஒரு கேள்வி கேட்டது: சேமிக்காத பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கவா? நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு என்டர்.

திரையில் ஒலி அலைகள் வரிசையாக வந்து நின்றன. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். "எனக்குத் தண்ணி வேணும்," என்றார் அத்தான், ஸ்பீக்கருக்குள்ளிருந்து. அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லாம் இருந்தது. கெஞ்சின டீ, குட்டியைக் கூப்பிட்டது, எல்லாம். அதற்குப் பிறகும் ஓடியது. ஒலிவாங்கி எங்கள் கலவரத்தையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது: மவுஸ் தட்டும் சத்தம், அக்காவின் "எல்லாம் போச்சா?", நான் விசைகளின் பெயரை முணுமுணுப்பது. பிறகு அத்தான், வாசிப்புக் குரலில் இல்லாமல், சாதாரணமாக, அன்றைக்கு இருந்ததிலேயே தெளிவாக:

"விடு, அவ பாத்துக்குவா. ஏன் இப்படி முறைக்கிற? உன்னைப் பாக்க வந்த அன்னிக்கும் இப்படித்தான் முறைச்ச. அன்னிக்கே நான் உன்கிட்ட..."

அங்கே அறுந்தது. என் டெலிட்.

அக்கா அவர் பக்கம் திரும்பி, என்ன சொன்னீங்க என்று கேட்டாள். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். நான் உடனே கோப்பைச் சேமித்து, பெயர் சரியா என்று பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்தேன். பிறகுதான் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். அக்கா இழுத்த இழுப்பில் மவுஸின் ஒயர் பாதி கழன்றிருந்தது. அம்புக்குறி நின்றதற்கு அதுதான் காரணம். ஆல்ட்டையும் டேபையும் தட்டி, பதிவுப் பெட்டிக்குப் போய், நிறுத்தி, முதலில் சேமித்திருக்கலாம் என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கருவியில் வாக்கியங்கள் வேலை செய்கின்றன. டீ பொத்தானை அடிக்கடி அழுத்துகிறார். அக்கா முறைத்துக்கொண்டே போட்டுத் தருகிறாள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். தொடாதே என்றாள்.

அறுந்த வாக்கியத்தின் மீதி என்ன என்று அக்கா அவரைக் கேட்டால் எழுதிக் காட்டுகிறார், ஒவ்வொரு முறையும் ஒன்று. 'அன்னிக்கே நான் உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்.' 'அன்னிக்கே நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும்.' படித்துவிட்டு அக்கா சிரிக்கிறாள். ஆனால் நேற்று அவர்கள் வீட்டுச் சமையலறையில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதெல்லாம் இல்லடி. அன்னிக்கு அவர் சொன்னது வேற. நான் பயத்துல கவனிக்கல. நீ பக்கத்துலதானே இருந்த?"

இருந்தேன். கீழ் அம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் என் காதில் விழவில்லை என்று சொன்னேன். அவள் என்னிடம் இன்னொரு தடவை கேட்டாள்.