இந்த நாட்டில் கிடைக்காது

"போய்டிச்சி," என்றார் சத்தியநாதன். "பாரு பூங்குழலி. போய்டிச்சி."

மானேஜரான அவர் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பூங்குழலி எழுந்து அவர் மேசைக்குப் போனாள். திரையில் கறுப்புக் கட்டம். அதன் நடுவே ஆங்கிலத்தில் ஒரு வரி.

நேற்று வரை அந்தக் கட்டத்தில் அவர்களுடைய தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி வீடியோவாக ஓடியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் அப்துல் கஃபார் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்குவார். முகமூடி கிடையாது. கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்யும். மேலே இருப்பவர்கள் இழுப்பார்கள். அவர் வெளியே வந்து சேற்றில் கிடந்து வாந்தி எடுப்பார். பின்னால் ஷெட்டில் எஃப்.எம். சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியில் தோல் வாங்கும் கெல்லர் அம்மாவுக்கு யாரோ அதை அனுப்பிவிட்டார்கள். விளக்கம் வரும் வரை ஆர்டரை நிறுத்திவைக்கிறேன் என்று அவர் எழுதிவிட்டார்.

படம் எடுத்தவன் சம்பத். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். யூடியூபில் ஏற்றியவள் பூங்குழலி, அவன் மனைவி. பைபாஸ் பக்கத்து பிரவுசிங் சென்டரில், வேறு ஒரு பெயரில். இரண்டும் அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

ஆனால் அவள் அதை நீக்கவில்லை.

"பயந்துட்டான்," என்றார் சத்தியநாதன். "போலீஸ்னு நோட்டீஸ் ஒட்டினேன் பாரு, அதுவே வேலை செஞ்சிச்சி. கெல்லருக்கு மெயில் போடு. போட்டவனே எடுத்துட்டான், அது பொய் வீடியோ, அவனே ஒத்துக்கிட்ட மாதிரின்னு."

நயீம் அகமது நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். ஷிப்பிங் வேலை அவனுடையது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"சார், போட்டவன் எடுத்தா இப்படி வராது."

"இன்னா வரும்?"

"பயனர் நீக்கிட்டார்னு வரும். விதிமீறல்னு யூடியூபே தூக்கிட்டா அதையும் சொல்லிடுவான். இது வேற. உங்கள் நாட்டில் கிடைக்காதுன்னு போட்டிருக்கான்."

"நம்ம நாட்ல இல்லன்னா முடிஞ்சிச்சே."

"நம்ம நாட்ல மட்டும் இல்ல சார். ஜெர்மனில ஓடும்."

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "யார் அடைச்சா? பிரதமரா? நம்ம தொட்டிக்காகவா?"

"பாட்டா இருக்கும். பின்னாடி எஃப்.எம். ஓடுதுல்ல. பாட்டு கம்பெனிக்கு இந்தியா உரிமை இருந்தா இந்தியாவுக்கு மட்டும் அடைச்சிடுவான். சந்தேகமா இருந்தா ஷார்ஜால எங்க அக்கா ஜஹீதா இருக்கா. லிங்க் அனுப்பறேன், ஓடுதான்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவா."

"அனுப்பு. அப்படியே உங்க மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அனுப்பு. இருக்கிற பேஜார் போதாதா? போய் உன் கன்டெய்னரைப் பாரு."

நயீம் பூங்குழலியைப் பார்த்தான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா," என்றாள்.

மெயிலை அடித்தாள். போட்டவரே நீக்கிவிட்டார். இந்தச் சொற்களை அடிக்கும்போது விரல் நிற்கவில்லை. சத்தியநாதன் படித்துப் பார்த்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள்.

ஜெர்மனியில் ஆபீஸ் திறக்க இங்கே மதியம் ஆகும். கெல்லர் மெயிலைப் படிப்பார். இணைப்பைத் தட்டுவார். படம் ஓடும். பொய் சொன்ன கம்பெனியிடம் யாரும் தோல் வாங்க மாட்டார்கள். இந்த சீசனில் அந்த ஒரு ஆர்டர்தான் ஓடியது. அது போனால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஆட்களையும் தொட்டி ஆட்களையும். சம்பத்தை. கஃபாரை.

நயீம் சொன்னது சரி என்று அவளும் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் தலைவலி மாத்திரை வாங்க வேண்டும் என்று நயீமிடமும் கேட்டிலும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சம்பத்திடம் கேட்க வழியில்லை; ஷெட்டில் எல்லார் எதிரிலும் இதைப் பேச முடியாது. வீடியோ வந்த மறுநாளிலிருந்து போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அன்றைக்குச் சோதனை என்று தெரிந்ததுமே அவன் போனிலிருந்த படத்தை அழித்துவிட்டான். யூடியூபில் இருக்கே, எங்கே போகப்போகுது என்றான்.

பிரவுசிங் சென்டரில் மூலை அறை காலியாக இருந்தது. பொய்ப் பெயரில் உள்ளே போனாள். நயீம் ஊகித்ததேதான். பாட்டு ஒரு கம்பெனியுடையது. சில நாடுகளில் தடுக்கப்பட்டுள்ளது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மறுப்பதானால் படிவம் இருந்தது. உண்மைப் பெயர் கேட்டது. மறுப்பு பாட்டுக் கம்பெனிக்குப் போகும் என்றது.

படத்தின் கீழே ஜெர்மன் மொழியில் இரண்டு பேர் ஏதோ எழுதியிருந்தார்கள். காலையில் எழுதியது. அப்படியென்றால் அங்கே ஓடுகிறது.

அனுப்பிய மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. அதை உண்மையாக்க முடியும்.

நீக்கு என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா, திரும்பப் பெற முடியாது என்று கேட்டது. பக்கத்து அறையில் இரண்டு பையன்கள் கிரிக்கெட் ஸ்கோருக்குச் சண்டை போட்டார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. சென்டர்காரர் அறைக் கதவைத் தட்டி, "மேடம், நெட் நிக்குதா?" என்றார்.

"இல்ல. ஓடுது."

அழுத்தினாள்.

திரும்பி வந்தபோது சத்தியநாதன் மேசையில் நயீம் நின்றிருந்தான். அவருக்குச் சந்தேகம் வந்து மறுபடி திறக்கச் சொல்லியிருந்தார். கட்டம் அப்படியே இருந்தது. வரி மாறியிருந்தது. இந்த வீடியோ பயனரால் நீக்கப்பட்டது.

"நான் சொல்லலே?" என்றார் சத்தியநாதன். பிறகு மெதுவாக, "காத்தால வேற மாதிரி இருந்திச்சே. இப்பதான் எடுத்தானா?"

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெயில் போட்டது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

நயீம் திரையையே பார்த்தான். பிறகு பூங்குழலியின் கையைப் பார்த்தான். அதில் மாத்திரை இல்லை.

"பழைய பக்கம் சார்," என்றான். "காத்தாலயே எடுத்திருப்பான். நம்ம கம்ப்யூட்டர் பழசைப் பிடிச்சிக்கிட்டிருந்திருக்கும். நான்தான் உளறிட்டேன்."

"படிச்சவனாம். பாட்டாம், ஷார்ஜாவாம்." சத்தியநாதன் சிரித்தார். "நாடு அடைச்சிடுச்சாம்!"

அவர் கை கழுவப் போனதும் நயீம் அவள் மேசைக்கு வந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"காப்பி வெச்சிருக்கீங்களா அக்கா?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

"ஒண்ணு கூடவா?"

"இல்ல."

"காத்தாலயே என் கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சிருக்கணும் நானு. தோணவே இல்ல," என்றான். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

கெல்லரின் பதில் மூன்று மணிக்கு வந்தது. சத்தியநாதன் அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். விளக்கத்துக்கு நன்றி. இன்று எங்கள் இயக்குநர்களுக்கு அந்த வீடியோவைக் காட்டுவதாக இருந்தேன். திறக்கவில்லை. பதிவேற்றியவரே நீக்கியதாக எங்களுக்கும் காட்டுகிறது. எனவே உங்கள் சொல்லை ஏற்கிறோம். ஆர்டர் தொடரும். ஒன்று மட்டும் உறுதி செய்யுங்கள். தொட்டியில் இறங்குவோருக்கு முகமூடி தருகிறீர்களா?

"ஆமான்னு போடு," என்றார் சத்தியநாதன். "நாலு வரியா போடும்மா. ஒரு வரின்னா சந்தேகப்படுவா."

அவள் நான்கு வரி அடித்தாள்.