அடியில் கூடு கட்டும் நூல்

"மெஷின்ல சந்தேகம்னு போன் பண்ற எல்லாருக்கும் அனுப்ப ஒரு வீடியோ போதும். நாளைக்கு மருமக ரெண்டு பேரோடதையும் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் தையல் மெஷின் கடை நடத்தும் மாமனார். அதிலிருந்து மூத்த மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சின்னவ மூணு நிமிஷம் பண்ணியிருக்கா, பாட்டெல்லாம் வச்சு" என்றான் கணவன்.

"அவளுக்கென்ன, போனோட பிறந்தவ!"

இவளுக்குக் கேமராவைத் திறக்க மட்டுமே தெரியும். ஆனால் கடை போனை எடுப்பவள் இவள். அடிக்கடி வருவது ஒரே புலம்பல்: "துணிக்கு அடியில நூல் கூடு கட்டுதுங்க." துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கி வைத்தபடி மேல்நூல் கோத்தால் அப்படித்தான், இறுக்கும் தட்டுகளுக்குள் நூல் போய் உட்காராது. அது போதும், ஒரு கேள்வி, ஒரு பதில்.

பழைய ரசீதின் பின்பக்கம் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதினாள். கடிகாரம் பார்த்து வாய்விட்டுப் படித்தாள், ஐம்பது விநாடி. ஜன்னல் வெளிச்சத்தில் மெஷினை வைத்து, நூல் பெட்டிகள் மீது போனைப் படுக்கைவாட்டில் சாய்த்து, வெள்ளைத் துணி, சிவப்பு நூலோடு கட்டம் கட்டமாக எடுத்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குரலைத் தனியாகப் பதிந்தாள். எல்லாவற்றையும் ஒரு எடிட்டிங் ஆப்பில் அடுக்கி முடித்தாள்.

அப்போதுதான் இளையவள் வந்தாள். "என் போன்ல சார்ஜ் இல்ல. உங்க போன் கொஞ்சம் கொடுங்கக்கா, ஒரு கால் பண்ணணும்."

பார்த்துவிட்டால் காப்பியடித்துவிடுவாளே! "இரு" என்று திரும்பி நின்று, கேலரியில் இருந்த அந்த ஆறு வீடியோ துண்டுகளையும் அழித்த பிறகே கொடுத்தாள்.

சாயங்காலம் ஆப்பைத் திறந்தால், குரல் மட்டும் ஒலித்தது. ஆறு இடமும் கறுப்பு.

மறுநாள் காலை வேறு வழியில்லாமல் இளையவளிடம் போனை நீட்டினாள். "நீ பார்த்துச் சொல்லேன்" என்றாள், தரையைப் பார்த்து.

"ஃபைலா சேவ் பண்றதுக்கு முன்னாடியே ஒரிஜினலை அழிச்சீங்களா? ஆப் அங்கேயிருந்துதான்க்கா எடுத்துக் காட்டும். ஏன் அழிச்சீங்க?"

"இடம் இல்ல."

இளையவள் கேலரியின் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். "நல்லவேளை, கொஞ்ச நாளைக்கு இங்க கிடக்கும்." மீட்டாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. முழுதாகப் பார்த்துவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

"பாதத்தைத் தூக்கிட்டுக் கோக்கணும்னு என்னோடதுல சொல்லவே இல்லையே, அக்கா."

"தெரியும்."

"பார்த்தீங்களா? எப்ப?"

"நீ குளிக்கும்போது."

இளையவள் சிரித்துவிட்டாள். இப்போதே ஃபைலாகச் சேமிக்க வைத்தாள். "வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்புங்க, இல்லன்னா படம் மங்கிடும்."

மாமனார் இரண்டையும் பார்த்து, மூத்தவளுடையதை வைத்துக்கொண்டார். "நீயே பண்ணியாம்மா?"

"அக்காவேதான், மாமா" என்றாள் இளையவள் முந்திக்கொண்டு. அந்தப் பெருந்தன்மைதான் மூத்தவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மத்தியானம் முதல் வாடிக்கையாளர் கூப்பிட்டார். "வீடியோ பார்த்தேன், சரியாயிடுச்சுங்க. குரல் சின்ன மருமகளோடதா?"

"மூத்தவ!" என்றாள், கடையே திரும்பிப் பார்க்க.