நாற்பத்தைந்து டிகிரி

திருத்திய விடைத்தாள் கட்டைக் கணக்கு டீச்சர் மேசையில் தொப்பென்று போட்டார்.

"அறுபது மீட்டர் கலங்கரை விளக்கம். உச்சியிலிருந்து பார்த்தா படகுக்கு இறக்கக்கோணம் முப்பது டிகிரி. கிடைக்கோட்டுல இருந்து அளந்தா அது முக்கோணத்துல படகு மூலைக்குத்தானே வரும்? வகுப்பே சேர்ந்து உச்சி மூலையில சொருகி வச்சிருக்கீங்க. நூத்திச் சொச்சம் மீட்டர் தள்ளி நிக்கிற படகை முப்பத்தஞ்சு மீட்டருக்கு இழுத்துட்டு வந்துட்டீங்க. தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது யாருக்கு?"

கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தன் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுலயும் இப்படித்தான் மிஸ் வரைஞ்சேன். நீங்க டிக் போட்டீங்க."

டீச்சர் வெடுக்கென்று பிடுங்கிப் புரட்டினார். ஏழு கணக்கு. ஏழிலும் கோணம் உச்சி மூலையில், ஏழுக்கும் சிவப்பு டிக். எல்லாமே நாற்பத்தைந்து டிகிரி; அதை எந்த மூலையில் வைத்தாலும் விடை ஒன்றுதான். சுலபமாக இருக்கட்டும் என்று நாற்பத்தைந்தாகவே கொடுத்தது அவர்தான். படத்தைப் பார்க்காமல் கடைசி வரிக்கு டிக் போட்டதும் அவர்தான்.

"போய் உக்காரு" என்றார். குரலில் கடுப்பு குறையவில்லை. ஆனால் திட்டுவதற்கு அந்த வகுப்பில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவர் கையில்தான் சிவப்புப் பேனா இருந்தது.