ஏழு சைபர்

சேமநிதியின் வருடாந்திரக் கணக்குச் சீட்டு வந்ததும், அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அக்கா தன் சம்பளச் சீட்டுகளை அதோடு வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மாதமும் பிடித்தம் இருந்தது. நிதிக் கணக்கிலோ ஐந்து மாதம்தான் ஏறியிருந்தது. மீதி ஏழிலும் அவள் பங்கும் சைபர், முதலாளி பங்கும் சைபர். மறுநாள் சேமநிதி ஆபீசுக்குப் போய்விட்டு, விறுவிறுவென்று கணக்குப்பிள்ளையிடம் வந்தாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் கோளாறும்மா. தானா சரியாயிடும்."

"பணம் கட்டின ரசீதக் காட்டுங்க சார்."

"மாசாமாசம் பட்டியல் போட்டு முதலாளி கைல குடுத்துடறேன். கட்டறது அவர் பொறுப்பு. அவரைப் போய் சந்தேகப்படுறியே!"

"உங்க சீட்டுல என்ன இருக்கு?"

அவர் சீட்டு உறை பிரிக்காமல் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது. "எனக்கெல்லாம் கரெக்டா இருக்கும்" என்று அலட்சியமாகக் கிழித்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது, முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அதிலிருந்து கடைசிவரை வரிசையாக ஏழு சைபர்.

"அடப்பாவி! என் பணத்துலயுமா கை வச்சான்?"

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும் சார்" என்றாள் அக்கா.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சேமநிதி ஆபீஸ்ல புகார் ஃபாரம் வாங்கியிருப்பியே, இன்னொன்னு இருக்கா?"

அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் பெயர், பதவி எல்லாம் அதில் அவளே நிரப்பி வைத்திருந்தாள்.